ஊழியர்களைக் கொண்டு கம்பனிப் பதிவை லிங்க்டினில் பகிரவைப்பது: எங்கிருந்து தொடங்குவது?

வெள்ளவத்தை_மழை | திங்கள், இரவு 9:42

எல்லோருக்கும் வணக்கம். நான் கொழும்பில் ஒரு ஃபிரெய்ட் ஃபோர்வர்டிங் கம்பனியில் மார்க்கெட்டிங் பார்க்கிறேன். மார்க்கெட்டிங் என்றால் நானும் டிசைன் செய்யும் ஒரு தம்பியும்தான். கம்பனியில் மொத்தம் 71 பேர், பாதிப்பேர் கோட்டையில் உள்ள ஒபிஸில், மிச்சப்பேர் களஞ்சியத்திலும் துறைமுகத்திலும்.

விஷயம் இதுதான். மூன்று கிழமைக்கு முன்பு எங்கள் டிரெக்டர் ஒரு கூட்டத்துக்குப் போய்விட்டு வந்து, நாமும் எம்ப்ளோயி அட்வகசி தொடங்க வேண்டும், கம்பனிப் பக்கத்தில் போடும் ஒவ்வொரு பதிவையும் எல்லோரும் தங்கள் சொந்த லிங்க்டினில் பகிர வேண்டும் என்று சொன்னார். நானும் ஸ்டாஃப் வாட்ஸ்அப் குழுவில் திங்கட்கிழமை காலையில் லிங்க்கைப் போட்டு, அப்படியே எடுத்து ஒட்டுவதற்கு இரண்டு வரியும் எழுதிக் கொடுத்தேன். முதல் கிழமை 19 பேர் பகிர்ந்தார்கள். அடுத்த கிழமை 11 பேர். இந்தக் கிழமை 4 பேர், அதில் ஒன்று நான், ஒன்று டிசைன் தம்பி.

அந்த முதல் கிழமைப் பதிவுகளுக்கு வந்த லைக்குகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். கிட்டத்தட்ட எல்லாமே எங்கள் ஆட்கள் எங்கள் ஆட்களுக்குப் போட்டது. வெளியாள் எழுதிய கொமென்ட் ஒன்றுகூட இல்லை. இப்போது டிரெக்டர் இதை வருட மதிப்பீட்டில் சேர்த்துவிடுவோம் என்கிறார். எனக்கு அது சரியாகப் படவில்லை, ஆனால் அதற்குப் பதிலாக என்ன செய்யலாம் என்று சொல்லவும் என்னிடம் ஒன்றும் இல்லை. இதைச் செய்து பார்த்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். காசு கொடுத்து மென்பொருள் வாங்க மாட்டார்கள், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மருதானை_சந்தி | திங்கள், இரவு 10:05

எங்கள் கம்பனியிலும் இது இருக்கிறது அக்கா. ஆள் சேர்த்துவிட்டால், சேர்ந்தவர் ஆறு மாதம் நின்றால், நமக்கு 30,000 ரூபா தருவார்கள். காசு வைத்துப் பாருங்கள், எல்லோரும் பகிர்வார்கள். நான் இரண்டு பேரைச் சேர்த்துவிட்டேன்.

வெள்ளவத்தை_மழை | திங்கள், இரவு 10:11

தம்பி, நீங்கள் சொல்வது வேலைக்கு ஆள் பரிந்துரைக்கும் திட்டம். நான் கேட்பது அது இல்லை. கம்பனி என்ன செய்கிறது என்பதை ஊழியர்கள் தங்கள் பக்கத்தில் எழுதுவது, வாடிக்கையாளர்கள் அதைப் பார்ப்பது, அந்த விஷயம்.

கோட்டை_ரயில் | திங்கள், இரவு 10:30

நான் ஒரு டிஜிட்டல் ஏஜென்சியில் மூன்று வருடம் இருந்தேன். உங்கள் பிரச்சினை நேரம்தான். ஒரு பதிவு போட்ட முதல் ஒரு மணித்தியாலத்தில் லைக்கும் கொமென்டும் வந்தால்தான் லிங்க்டின் அதை வெளியே தள்ளும். ஆகவே 71 பேரையும் ஒரே நேரத்தில், சொல்லப்போனால் செவ்வாய் காலை 9 மணிக்கு, லைக் போட்டு ஒரு வரி கொமென்டும் எழுதச் சொல்லுங்கள். லிங்க்கைப் பதிவுக்குள் போடாமல் முதல் கொமென்டில் போடுங்கள். இந்த இரண்டையும் செய்தால் வித்தியாசம் தெரியும்.

பழைய_பேனா | செவ்வாய், காலை 6:50

தங்கச்சி, நான் இதை இரண்டு கம்பனியில் தொடங்கியிருக்கிறேன். முதலாவதில் நீங்கள் இப்போது நிற்கும் அதே இடத்தில் வந்து நின்று கைவிட்டோம். இரண்டாவது இன்றைக்கும் ஓடுகிறது. அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

கோட்டை_ரயில் சொல்வதில் பாதி சரி. ஆரம்பத்தில் வரும் எதிர்வினைக்கு மதிப்பு உண்டுதான். ஆனால் அந்த எதிர்வினை யாரிடமிருந்து வருகிறது என்பதும் உண்டு. ஒரே கம்பனியில் இருக்கும் 71 பேர் ஒருவருக்கொருவர் ஏற்கனவே இணைந்திருப்பவர்கள். அவர்கள் 9 மணிக்கு ஒருவர் பதிவுக்கு ஒருவர் "சூப்பர்", "வாழ்த்துகள்" என்று எழுதினால் அந்தப் பதிவு பெரும்பாலும் அதே வட்டத்துக்குள்தான் சுற்றும். வெள்ளவத்தை_மழை எண்ணிப் பார்த்துக் கண்டதும் அதைத்தான். இன்னொன்று, கொழும்பில் ஃபிரெய்ட் வட்டம் மிகச் சின்னது. உங்கள் வாடிக்கையாளர் கம்பனியில் இறக்குமதி பார்க்கும் ஒருவர் உங்கள் ஆட்களில் ஆறு ஏழு பேரோடு இணைந்திருப்பார். திங்கள் காலை அவர் தேநீரோடு போனைத் திறந்தால், ஒரே படமும் ஒரே இரண்டு வரியும் ஆறு பேரின் பெயரில் வரிசையாக நிற்கும். முதல் தரம் பார்த்ததும் விளங்கிவிடும், இது மேலிடம் சொல்லி ஒட்டியது என்று. அதற்குப் பிறகு அந்த ஆறு பேர் உண்மையிலேயே ஏதாவது எழுதினாலும் விரல் நிற்காது. அதாவது இதில் நட்டப்படுவது கம்பனி மட்டும் இல்லை, ஊழியரின் பெயரும்தான். அது அவர்களுக்கே உள்ளுக்குள் தெரிவதால்தான் 19 பேர் 4 ஆனார்கள். அதைச் சோம்பல் என்று நினைக்காதீர்கள்.

லிங்க்டினில் ஒரு கம்பனிப் பதிவை அனுப்ப இரண்டு வழி இருக்கிறது, தெரியும்தானே. வெறுமனே மறுபகிர்வு அழுத்துவது, அல்லது உங்கள் எண்ணத்தைச் சேர்த்துப் பகிர்வது. நான் மூன்றாவதைச் சொல்கிறேன். கம்பனிப் பதிவைத் தொடவே வேண்டாம். அந்த விஷயத்தை வைத்து அவர் தன் சொந்தப் பதிவை எழுதட்டும், தன் போட்டோவைப் போடட்டும், கம்பனியை டேக் செய்தால் போதும். நாங்கள் மூன்றையும் செய்து பார்த்ததில், வெளியாட்கள் வந்து பேசியது கிட்டத்தட்ட எப்போதும் இந்த மூன்றாவது வகைக்குத்தான்.

இனி தொடக்கம். முதல் கிழமையில் யாரிடமும் எதுவும் பகிரச் சொல்லாதீர்கள். உங்கள் கம்பனிப் பக்கத்தில் ஊழியர்கள் என்று காட்டும் பட்டியலைத் திறந்து, உண்மையில் எத்தனை பேர் அதில் இருக்கிறார்கள் என்று பாருங்கள். பலர் தங்கள் ப்ரொஃபைலில் வேலை அனுபவம் போடும் இடத்தில் கம்பனிப் பெயரைத் தட்டச்சு செய்துவிட்டு, கீழே விழும் பட்டியலிலிருந்து உங்கள் பக்கத்தைத் தெரிவுசெய்யாமல் விட்டிருப்பார்கள். அப்படியானவர்களின் பெயருக்குப் பக்கத்தில் உங்கள் லோகோ வராது, சாம்பல் நிறப் பெட்டி ஒன்றுதான் நிற்கும். அதை அழுத்தினாலும் உங்கள் பக்கத்துக்குப் போகாது. பக்கத்திலிருந்து ஊழியர்களுக்கு அறிவிப்பு அனுப்பும் வசதியும் அவர்களை எட்டாது. இதைத் திருத்த ஒருவருக்கு இரண்டு நிமிடம்தான் தேவை, ஆனால் அவரவர்தான் செய்ய வேண்டும்.

அப்புறம் 71 பேரை மறந்துவிட்டு ஆறு பேரைத் தேடுங்கள். எப்படித் தேடுவது என்று கேட்டால் பிறகு சொல்கிறேன், இப்போது பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

கோட்டை_ரயில் | செவ்வாய், காலை 8:15

வட்டம் பற்றிச் சொன்னது நியாயம்தான், ஏற்றுக்கொள்கிறேன். லிங்க் கொமென்டில் போடுவது பற்றி என்ன சொல்கிறீர்கள்?

பழைய_பேனா | செவ்வாய், மாலை 6:20

இரண்டு விதமாகவும் போட்டிருக்கிறேன் தம்பி. நிச்சயமாக இதுதான் என்று சொல்லும் அளவுக்கு எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. தொடக்கத்தில் லிங்க்கே இல்லாமல் எழுதுவது நல்லது என்பது என் எண்ணம், ஏனென்றால் இந்தக் கட்டத்தில் நமக்குத் தேவை கிளிக் இல்லை, சரியான ஆள் வந்து இரண்டு வரி பேசுவது.

வெள்ளவத்தை_மழை | செவ்வாய், இரவு 8:55

அண்ணா, பட்டியலைப் பார்த்தேன். எனக்கே அதிர்ச்சி. 71 பேரில் லிங்க்டினில் இருப்பவர்கள் 46 பேர் என்று ஒருவாறு பெயர் தேடிக் கண்டுபிடித்தேன். ஆனால் பக்கத்தோடு சரியாக இணைந்திருப்பவர்கள் 28 பேர் மட்டும். எங்கள் டிரெக்டர்மாரில் ஒருவரும் சாம்பல் பெட்டியில்தான் நிற்கிறார். இதில் வேலையை விட்டுப் போன 5 பேர் இன்னும் எங்களிடம் இருப்பதாகக் காட்டுகிறது.

ஆறு பேரை எப்படித் தேடுவது?

பழைய_பேனா | செவ்வாய், இரவு 9:30

பதவியைப் பார்க்காதீர்கள். நான் முதல் தரம் விட்ட பிழை அது, மேனேஜர்மாராகப் பார்த்துத் தெரிவுசெய்தேன், அவர்களுக்கு எழுத நேரமும் இல்லை, எழுதினால் அறிக்கை மாதிரி வந்தது. வாடிக்கையாளரோடு அல்லது வேலையோடு நேராக முட்டுகிறவர்களைப் பாருங்கள். ஸ்டாஃப் வாட்ஸ்அப் குழுவில் ஒரு பிரச்சினையை நாலு வரியில் எல்லோருக்கும் விளங்கும்படி எழுதக்கூடிய ஒருவர் எல்லா ஒபிஸிலும் இருப்பார். அவர்தான் உங்களுக்கு வேண்டியவர். சேல்ஸிலிருந்து இரண்டு பேர், டொக்கியுமென்டேஷனிலிருந்து ஒருவர், களஞ்சியத்திலிருந்து ஒருவர், துறைமுகத்தில் நிற்பவர் ஒருவர், இப்படி. தனியாகப் போய்க் கேளுங்கள், குழுவில் கேட்காதீர்கள். மாட்டேன் என்றால் அதோடு விடுங்கள்.

பிறகு வியாழக்கிழமை அரை மணித்தியாலம் அந்த ஆறு பேரோடு உட்காருங்கள். அங்கே நீங்கள் பதிவு எழுதிக் கொடுக்கக் கூடாது. "இந்தக் கிழமை எது சிக்கலாக இருந்தது, வாடிக்கையாளர் எதைத் திரும்பத் திரும்பக் கேட்டார்" என்று மட்டும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். குறித்ததிலிருந்து ஒருவருக்கு ஒரு விஷயத்தைத் திருப்பிக் கொடுங்கள்: நடந்தது என்ன, அதற்கு ஒரு போட்டோ இருக்கிறதா, வாசிப்பவரிடம் கேட்க ஒரு கேள்வி இருக்கிறதா. எழுதுவது அவர். நீங்கள் பார்ப்பது பிழை, வாடிக்கையாளர் பெயர், விலை, இவ்வளவுதான். மொழியை மெருகேற்றத் தொடங்கினீர்கள் என்றால் மூன்றாம் கிழமையே ஆறு பேரும் ஒரே குரலில் எழுதுவார்கள்.

போனில் பதிவின் முதல் இரண்டு மூன்று வரிதான் தெரியும், மிச்சம் மடிந்திருக்கும். ஆகவே நடந்த விஷயம் முதல் வரியிலேயே வர வேண்டும். "பெருமகிழ்ச்சியுடன் அறிவிக்கிறோம்" என்று தொடங்கினால் அந்த மூன்று வரியும் போய்விட்டது.

கிராண்ட்பாஸ்_ஜன்னல் | புதன், காலை 7:40

நான் எச்.ஆர். பக்கம் இருக்கிறேன். வருட மதிப்பீட்டில் சேர்க்கும் யோசனையைத் தயவுசெய்து உங்கள் டிரெக்டரிடம் பேசி நிறுத்துங்கள். அந்தக் கணக்கு ஊழியருடையது. அவர் நாளைக்கு வேலை மாறினாலும் அதே கணக்குத்தான். அதில் என்ன எழுதுவது என்பதற்கு நீங்கள் புள்ளி போடத் தொடங்கினால், எழுதாதவருக்கு என்ன தண்டனை என்ற கேள்வி வரும், அதற்கு உங்கள் வேலை ஒப்பந்தத்தில் பதில் இருக்காது.

எனக்குத் தெரிந்த ஓர் இடத்தில் இதைவிட மோசமாக நடந்தது. ஊழியர்களின் லிங்க்டின் பாஸ்வேர்டை வாங்கி, ஒரு பயிலுனரை வைத்து எல்லோர் பெயரிலும் அவர்களே பகிர்ந்தார்கள். கணக்கை இன்னொருவரோடு பகிரக் கூடாது, தானியங்கி முறையில் பதிவிடக் கூடாது என்று லிங்க்டினின் பயனர் ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. இரண்டு பேரின் கணக்கு முடக்கப்பட்டது. அதில் ஒருவருக்கு அது பத்து வருடம் சேர்த்த தொடர்புகள் உள்ள கணக்கு. அவர் அழுததை நான் நேரில் பார்த்தேன், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

நாரஹேன்பிட்டி_78 | புதன், காலை 10:10

நான் எதிர்ப்பக்கம் பேசுகிறேன், கோபிக்காதீர்கள். எனக்கு என் ப்ரொஃபைல் என் அடுத்த வேலைக்கானது. கம்பனி எனக்கு எட்டு மணித்தியாலத்துக்குச் சம்பளம் தருகிறது, என் பெயருக்கு இல்லை. ஆறு பேர் விருப்பத்தோடு வருகிறார்கள் என்றாலும், எழுதும் நேரம் ஒபிஸ் நேரத்தில் வருமா, வீட்டு நேரத்தில் வருமா? அதைத் தெளிவாக்காமல் தொடங்கினால் அது சம்பளம் இல்லாத வேலைதான்.

பழைய_பேனா | புதன், மதியம் 12:45

நியாயமான கேள்வி. நாங்கள் வியாழன் அரை மணித்தியாலத்தையும் எழுதும் நேரத்தையும் வேலை நேரத்துக்குள்ளேயே வைத்தோம், மேலாளரிடம் எழுத்தில் வாங்கிக்கொண்டோம். ஆனால் இரவு 9 மணிக்கு ஒரு வாடிக்கையாளர் கொமென்டில் கேள்வி கேட்டால் அவர் பதில் எழுதுவார், அதை என்னால் எந்த நேரக் கணக்கிலும் அடைக்க முடியவில்லை. பணமாகக் கொடுப்பதையும் யோசித்தோம், கொடுத்தால் பதிவு எண்ணிக்கைதான் கூடும் என்று பயந்து விட்டுவிட்டோம். அது சரியான முடிவா என்று கேட்டால், உங்கள் இடத்தில் இருந்தால் நானும் இதையேதான் கேட்டிருப்பேன்.

வெள்ளவத்தை_மழை | புதன், இரவு 9:00

அளப்பது எப்படி அண்ணா? டிரெக்டருக்கு எண் வேண்டும், எண் இல்லாமல் நான் அந்த அறைக்குள் போக முடியாது.

பழைய_பேனா | புதன், இரவு 10:05

முதலில் ஒரு எல்லை தெரிந்துகொள்ளுங்கள். ஊழியரின் சொந்தப் பதிவை எத்தனை பேர் பார்த்தார்கள் என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். பக்கத்தின் அட்மினாக இருந்தாலும் உங்களுக்குக் காட்டாது. லைக், கொமென்ட், மறுபகிர்வு மட்டும் வெளியே தெரியும். ஆகவே பார்வை எண்ணிக்கை வேண்டுமென்றால் அவரே விரும்பி ஸ்கிரீன்ஷாட் தர வேண்டும். நான் அதைக் கேட்பதை நிறுத்திவிட்டேன், கேட்டால் கண்காணிப்பது போல ஆகிவிடுகிறது.

நான் வைத்திருப்பது ஒரு சாதாரண எக்ஸெல் தாள். யார், எப்போது, எதைப் பற்றி, வெளியாள் கொமென்ட் எத்தனை, அதில் நாம் வியாபாரம் செய்ய விரும்பும் கம்பனியைச் சேர்ந்தவர் யாராவது உண்டா. கடைசிக் கேள்விதான் முக்கியம். சேல்ஸ் ஆட்களிடம் தாங்கள் பேச விரும்பும் 40 கம்பனிகளின் பட்டியலை வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 200 லைக்கைவிட அந்தப் பட்டியலிலிருந்து வந்த ஒரு கொமென்ட் பெறுமதி.

பிறகு லிங்க் போடும் காலம் வந்தால், எல்லோருக்கும் ஒரே லிங்க் கொடுக்காமல் பின்னால் இப்படிச் சேர்த்துக் கொடுங்கள்:

```
https://example.com/lcl-guide?utm_source=linkedin&utm_medium=social&utm_campaign=staff-lcl&utm_content=docs
```

இது இல்லாவிட்டால் போனில் உள்ள லிங்க்டின் செயலியிலிருந்து வருகிறவர்களில் பலர் கூகுள் அனலிடிக்ஸில் நேரடியாக வந்தவர்கள் என்று விழுந்துவிடுவார்கள். நான் ஒரு தரம் `utm_source=staff`, `utm_medium=employee` என்று என் விருப்பத்துக்கு வைத்தேன், எல்லாம் எந்தச் சேனலிலும் சேராமல் Unassigned என்று போய் நின்றது. அந்த இரண்டையும் மேலே உள்ளபடியே விடுங்கள், உங்கள் அடையாளத்தைப் பின்னால் உள்ள இரண்டில் வையுங்கள். `utm_content` இல் ஆளின் பெயரைப் போடாதீர்கள், பிரிவைப் போடுங்கள். தனிநபரை அடையாளம் காட்டும் தகவலை அனலிடிக்ஸுக்கு அனுப்பக் கூடாது என்பது கூகுளின் விதியும்கூட.

தெஹிவளை_கடற்கரை | வியாழன், காலை 9:20

ஒரு எச்சரிக்கை. எங்களுடைய தாய்க் கம்பனி கொழும்புப் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டது. ஒரு சக ஊழியர் நல்ல மனதோடு, பெரிய ஒப்பந்தம் ஒன்று கைச்சாத்தான அன்றே மேசையில் கைகுலுக்கும் போட்டோவைப் போட்டுவிட்டார். பங்கு விலையைப் பாதிக்கக்கூடிய தகவல் முதலில் பங்குச் சந்தைக்குத்தான் போக வேண்டும். அன்று மாலையே சட்டப் பிரிவு, கம்பனிச் செயலாளர், எல்லோரும் ஓடித்திரிந்தார்கள். பதிவு நீக்கப்பட்டது, அறிவித்தல் அவசர அவசரமாகப் போனது. அவர் அதற்குப் பிறகு லிங்க்டினில் எழுதுவதே இல்லை. உங்களுடையது தனியார் கம்பனியாக இருந்தாலும், உங்கள் வாடிக்கையாளர் பட்டியலிடப்பட்ட கம்பனியாக இருக்கலாம், அவர்களின் செய்தியை நீங்கள் முந்திச் சொல்லிவிடாதீர்கள்.

கோட்டை_ரயில் | வியாழன், காலை 11:00

இதெல்லாம் எழுதும்போது "நான் இந்தக் கம்பனியில் வேலை செய்கிறேன்" என்று வேறு சொல்ல வேண்டுமா? ப்ரொஃபைலில்தான் இருக்கிறதே.

கிராண்ட்பாஸ்_ஜன்னல் | வியாழன், மதியம் 1:10

சொல்வது நல்லது. ஃபீடில் ஓடிப்போகும் பதிவைப் பார்க்கிறவர் ப்ரொஃபைலைத் திறந்து பார்ப்பார் என்று இல்லை. அமெரிக்க வாசகர்களை நோக்கி எழுதினால் அங்குள்ள ஃபெடரல் டிரேட் கமிஷன், சொந்தக் கம்பனியின் பொருளைப் புகழும் ஊழியர் அந்த உறவை அந்தப் பதிவிலேயே தெரியப்படுத்த வேண்டும் என்றுதான் சொல்கிறது. பெரிய வாசகம் தேவையில்லை. "எங்கள் களஞ்சியத்தில் நேற்று" என்று தொடங்கினாலே யாருடைய ஆள் என்று விளங்கிவிடும்.

வெள்ளவத்தை_மழை | ஒன்பது கிழமைக்குப் பிறகு, ஞாயிறு, மாலை 5:15

திரும்பி வந்து எழுதுவேன் என்று சொல்லவில்லை, ஆனாலும் எழுத வேண்டும் போல இருக்கிறது, இவ்வளவு பேர் நேரம் ஒதுக்கிப் பதில் சொன்னீர்கள்.

மதிப்பீட்டில் சேர்க்கும் யோசனை நின்றது. டிரெக்டரிடம் நான் வாதாடவில்லை, அந்த 19 பதிவுகளின் லைக்குகளை அச்செடுத்து, எங்கள் ஆட்களின் பெயர்களை மஞ்சள் மையால் கோடிட்டுக் காட்டினேன். பக்கம் முழுவதும் மஞ்சள். ஆறு கிழமை பரீட்சார்த்தமாகச் செய்ய அனுமதி கிடைத்தது. எட்டுப் பேரைக் கேட்டேன், ஐந்து பேர் சம்மதித்தார்கள். முதல் வேலையாகச் சாம்பல் பெட்டிகளைத் திருத்தினோம், 28 என்பது 41 ஆனது. வியாழன் 3 மணிக்கு அரை மணித்தியாலம், தேநீரோடு.

ஆறு கிழமையில் 17 பதிவுகள். அதில் பத்து ஒன்றும் ஆகவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். நன்றாகப் போனதில் ஒன்றை மட்டும் விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் பழைய_பேனா அண்ணா சொன்னது எனக்கு அதில்தான் விளங்கியது.

கம்பனிப் பக்கத்தில் நான் முன்பு போட்டிருந்த பதிவு, "சிக்கலற்ற சுங்க அனுமதிச் சேவை, இன்றே அழையுங்கள்" என்ற வகையானது. லைக் 14, எல்லாம் எங்கள் ஆட்கள். டொக்கியுமென்டேஷனில் இருக்கும் அக்கா ஒருவர் வியாழன் பேச்சில், சுங்கத்துக்குக் கொடுக்கும் சரக்குப் பிரகடனமான கஸ்டெக் ஒன்றை மூன்று தரம் திருத்த வேண்டி வந்ததைச் சொன்னார். பேக்கிங் லிஸ்டில் மொத்த எடை, பெட்டிகளின் எடையோடு. கப்பல் கம்பனி தரும் பில் ஒஃப் லேடிங்கில் பெட்டி இல்லாத எடை. 310 கிலோ வித்தியாசம். யாரும் ஏமாற்றவில்லை, இரண்டு பேர் இரண்டு எடையை எடுத்து எழுதியிருக்கிறார்கள். அதற்கிடையில் கொன்டெய்னரின் இலவச நாட்கள் முடிந்து டெமரேஜ் என்ற தாமதக் கட்டணம் ஓடத் தொடங்கிவிட்டது. அவர் அதை அப்படியே எழுதினார். முதல் வரி: "310 கிலோவால் ஒரு கொன்டெய்னர் நாலு நாள் துறைமுகத்தில் நின்றது." கடைசியில் ஒரு கேள்வி: "உங்கள் சப்ளையர் எந்த எடையை எழுதுகிறார் என்று கப்பல் ஏறுவதற்கு முன் யார் பார்க்கிறார்கள்?" போட்டோ, அவர் மேசையில் இருக்கும் மைக்கறை படிந்த கல்குலேட்டர்.

அதற்கு வெளியாட்களின் கொமென்ட் 13. இரண்டு பேர் தங்களுக்கும் நடந்ததாக எழுதினார்கள், ஒருவர் அக்கா சொன்னதில் ஒரு விஷயத்தைத் திருத்தினார், அக்காவும் ஏற்று நன்றி சொன்னார். சேல்ஸ் பட்டியலில் இருந்த 40 கம்பனியில் ஒன்றின் இறக்குமதி மேனேஜர் வந்து, இதைச் சரிபார்க்க ஒரு பட்டியல் இருந்தால் தர முடியுமா என்று கேட்டார். அக்கா ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்தார். அவர்கள் பிறகு விலை கேட்டார்கள். வேலை இன்னும் கிடைக்கவில்லை, பேச்சு நடக்கிறது.

பிழையும் நடந்தது. களஞ்சியத்திலிருந்து ஒரு தம்பி, பெட்டிகள் அழகாக அடுக்கியிருக்கும் போட்டோ போட்டார். பெரிதாக்கிப் பார்த்தால் பெட்டியில் உள்ள அடையாளத்தில் எங்கள் வாடிக்கையாளரின் வெளிநாட்டு வாங்குனர் பெயர் தெரிந்தது. 40 நிமிடத்தில் வாடிக்கையாளர் தொலைபேசியில் பிடித்துக்கொண்டார், குரலை உயர்த்தவில்லை, ஆனால் நன்றாகவே கோபம். பதிவை எடுத்தோம், டிரெக்டர் நேரில் போய் மன்னிப்புக் கேட்டார். பிழை என்னுடையது, நான் சொற்களைத்தான் பார்த்தேன், போட்டோவைப் பெரிதாக்கிப் பார்க்கவில்லை. இப்போது ஒரு பக்க விதி இருக்கிறது: வாடிக்கையாளர் பெயர், கொன்டெய்னர் எண், பெட்டி அடையாளம், கொம்பியூட்டர் திரை, விலை, இவற்றில் எதுவும் படத்தில் இருக்கக் கூடாது, போடுமுன் போட்டோவை முழுதாகப் பெரிதாக்கி மூலைக்கு மூலை பார்க்க வேண்டும்.

மருதானை_சந்தி | ஞாயிறு, மாலை 6:02

அக்கா, அந்த ஐந்து பேரில் யாராவது வேலையை விட்டால்?

வெள்ளவத்தை_மழை | ஞாயிறு, மாலை 6:40

அது நடந்தேவிட்டது தம்பி. சேல்ஸில் நன்றாக எழுதிய ஒருவர் போன கிழமை போட்டிக் கம்பனிக்குப் போகிறார் என்று கடிதம் கொடுத்தார். டிரெக்டர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "அவரை நாம்தானே வளர்த்துவிட்டோம்?" என்பது. நான் பதில் சொல்லாமல் நின்றேன்.

கிராண்ட்பாஸ்_ஜன்னல் | ஞாயிறு, இரவு 7:30

தொடர்புகள் அவருடையவைதான், அதில் கேள்வியே இல்லை. நீங்கள் செய்யக்கூடியது, அவர் எழுதியவற்றில் கம்பனிக்குத் தேவையான விளக்கங்களை உங்கள் இணையத்தளத்திலும் அவர் சம்மதத்தோடு, அவர் பெயரோடு போட்டு வைப்பது. ஆள் போனாலும் விஷயம் நிற்கும்.

நாரஹேன்பிட்டி_78 | ஞாயிறு, இரவு 8:05

அவர் போவதால் இந்த முயற்சியே பிழையாகிவிட்டது என்று உங்கள் டிரெக்டர் நினைத்தால், அடுத்த ஆள் எழுத வர மாட்டார். வழியனுப்பும்போது எப்படி நடந்துகொள்கிறீர்கள் என்பதை மற்ற நாலு பேரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

பழைய_பேனா | ஞாயிறு, இரவு 9:15

17இல் 10 ஒன்றும் ஆகவில்லை என்று எழுதினீர்களே, அந்தப் பத்தையும் ஒரு தரம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எங்களுடையதில் அப்படிப் பார்த்தபோது, ஓடாதவற்றில் பெரும்பாலானவை நடந்த சம்பவம் இல்லாமல் பொது ஆலோசனையாக எழுதியவை. உங்களுடையதும் அப்படியா என்று தெரிந்துகொள்ள ஆசை.

இன்னொன்று, உங்கள் அக்கா எந்த மொழியில் எழுதினார்?

வெள்ளவத்தை_மழை | ஞாயிறு, இரவு 9:50

ஆங்கிலத்தில் எழுதினார், அதைத்தான் நான் இங்கே தமிழில் சொன்னேன். வியாழன் பேச்சில் அவர் அதே சம்பவத்தைத் தமிழில் சொன்னபோது இன்னும் உயிரோடு இருந்தது, எழுதும்போது பாதி போய்விட்டது. தமிழில் எழுதட்டுமா என்று கேட்டார். ஆனால் எங்கள் வாடிக்கையாளர்களில் சிங்களம் பேசுகிறவர்கள்தான் அதிகம், இறக்குமதி மேனேஜர்மார் எல்லோரும் ஆங்கிலத்தில்தான் பழகுகிறார்கள். அதே சமயம் புறக்கோட்டையில் சொந்தமாக இறக்குமதி செய்யும் எங்கள் தமிழ் வாடிக்கையாளர்கள் பலர் லிங்க்டினில் இருக்கிறார்களா என்றே நான் தேடிப் பார்க்கவில்லை. நாளைக்கு சேல்ஸ் பட்டியலை எடுத்து அவர்களின் பெயர்களைத் தேடிப் பார்க்கப் போகிறேன், அந்தப் பத்துப் பதிவுகளையும் சேர்த்து வைக்கிறேன். வியாழன் கூட்டம் முடிந்ததும் இங்கே எழுதுகிறேன்.